இடது மார்ஜின் 4 செ.மீ. என்பது யாருக்கு இடது?

கேள்வி: ஆய்வறிக்கை ஏ4 தாளில் 212 பக்கம். இடது மார்ஜின் 4 செ.மீ., வலது 2 செ.மீ. வைக்கும்படி துறையில் சொன்னார்கள், வேர்டில் அப்படியே வைத்தேன். செலவைக் குறைக்க இருபக்கமும் அச்சிட்டு மூன்று பிரதி எடுத்தேன். ஒன்றை அட்டை போட்டுத் தைத்து வாங்கிப் பார்த்தால், இரட்டைப்படைப் பக்கங்களில் வரியின் கடைசி எழுத்துகள் தையலுக்குள் போய்விட்டன. Mirror margins போட வேண்டுமா, Gutter போட வேண்டுமா, இரண்டும் போட வேண்டுமா? Gutter எவ்வளவு? பக்கங்கள் நகர்ந்தால் பொருளடக்கம் என்ன ஆகும்?

பதில்:

Mirror margins கட்டாயம் போட வேண்டும். Gutter போடுவது உங்கள் விருப்பம். போட்டால் இப்போதிருக்கும் 4 செ.மீ.க்கு மேல் சேர்க்காதீர்கள், அதற்குள்ளிருந்தே பிரித்தெடுங்கள். சரியாகச் செய்தால் மார்ஜின் மாற்றத்தால் ஒரு வரிகூட நகராது. ஆனால் அத்தியாயங்களை வலப்பக்கத்தில் தொடங்கினால் பக்க எண்கள் மாறும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் பிரதியில் என்ன நடந்தது என்று பார்ப்போம். ஒரு தாளை மட்டும் உருவி எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முன்புறம் பக்கம் 41, பின்புறம் பக்கம் 42. பக்கம் 41-ஐப் படிக்கும்போது தையல் உங்கள் இடது கைப் பக்கம் இருக்கிறது, 4 செ.மீ. அங்கேதான் விட்டிருக்கிறது, எல்லாம் சரி. தாளைத் திருப்புங்கள். பக்கம் 42-ஐப் படிக்கும்போது தையல் வலது கைப் பக்கம் வந்துவிட்டது. வேர்டுக்கு அது தெரியாது. அது முன்போலவே இடது பக்கம் 4, வலது பக்கம் 2 என்று அச்சிட்டது. விளைவாக, தேவையில்லாத திறந்த விளிம்பில் 4 செ.மீ. வெள்ளை இடம் வீணாகக் கிடக்கிறது, தையல் பக்கம் 2 செ.மீ. மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

துறையில் சொன்ன விதி ஒருபக்கம் மட்டும் அச்சிட்ட காலத்து விதி. அப்போது எல்லாத் தாளிலும் தையல் இடது பக்கம்தான், ஆகவே 'இடது 4' என்றாலே போதும். அந்த விதியை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது 'தையல் பக்கம் 4, திறக்கும் பக்கம் 2' என்பதுதான். இருபக்க அச்சுக்கு அந்த மொழிபெயர்ப்பை நாம்தான் செய்துகொள்ள வேண்டும். Mirror margins செய்வது அதை மட்டுமே: Left, Right என்ற பெயர்களை எடுத்துவிட்டு Inside, Outside என்று வைக்கிறது. ஒற்றைப்படைப் பக்கத்தில் உட்பக்கம் என்றால் இடது, இரட்டைப்படைப் பக்கத்தில் உட்பக்கம் என்றால் வலது.

சரி, 2 செ.மீ. இருந்தும் எழுத்து ஏன் மறைந்தது? இதற்குப் பைண்டிங் செய்பவரின் மேசைக்குப் போக வேண்டும். அச்சகத்தில் அடிக்கும் புத்தகத்தில் பெரிய தாளை மடித்து, மடிப்பின் நடுவில் ஊசி போட்டுத் தைப்பார்கள். அதனால் அந்தப் புத்தகம் நன்றாக விரியும். உங்களுடையது தனித்தனி ஏ4 தாள்கள், மடிப்பு கிடையாது. ஆகவே ஊர்க் கடைகளில் பெரும்பாலும் தாள்களை அடுக்கித் தட்டி, முதுகிலிருந்து ஏறக்குறைய 1 செ.மீ. உள்ளே தள்ளி மேலிருந்து கீழாகத் துளை போட்டு, நூலை இழுத்துக் கட்டி, அதன்மேல் பசை பூசி அட்டையை ஒட்டுகிறார்கள். துளைக்கும் முதுகுக்கும் நடுவே இருக்கும் அந்த 1 செ.மீ. தாள் இனி யார் கண்ணுக்கும் தெரியாது. அதோடு நிற்பதில்லை. நூல் இறுக்கிப் பிடித்த இடத்திலிருந்து தாள் நேராகப் படுக்காது, சற்று எழும்பி வளைந்துதான் விரியும். அந்த வளைவில் இருக்கும் எழுத்து அச்சாகியிருந்தாலும் படிக்க முடியாது. நூறு தாளுக்கு மேற்பட்ட அறிக்கையில் இந்த வளைவுக்கு அரை செ.மீ. ஒதுக்குவது என் வழக்கம்.

ஆக உங்கள் இரட்டைப்படைப் பக்கங்களில் 20 மி.மீ. இருந்தது. தையலுக்கு 10 போயிற்று, வளைவுக்கு 5 போயிற்று, மீதி 5 மி.மீ. அச்சு இயந்திரம் தாளை இழுக்கும்போது ஒன்றிரண்டு மி.மீ. இப்படியோ அப்படியோ நகர்வது சாதாரணம். கடைக்காரர் துளையைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருந்தால் கணக்கு முடிந்தது. அறிக்கையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தால் எழுத்து தெரிகிறது, விட்டால் மறைகிறது என்றால் வளைவு தின்றிருக்கிறது. அமுக்கினாலும் தெரியவில்லை என்றால் நூலே எழுத்தின்மேல் ஓடியிருக்கிறது.

இப்போது Gutter. பலரும் இதை இன்னொரு வகை மார்ஜின் என்று நினைத்துக் குழம்புகிறார்கள். என்னைக் கேட்டால், அது பைண்டிங்காரருக்கு எழுதிக்கொடுத்துவிட்ட நிலம். அதன்மேல் உங்களுக்கு உரிமை இல்லை. மார்ஜின் என்பது தைத்து முடித்த பிறகும் வாசகரின் கண்ணுக்குத் தெரியும் வெள்ளை இடம். வேர்டு இந்த இரண்டையும் கூட்டித்தான் எழுத்தைத் தொடங்குகிறது: Inside 2.5, Gutter 1.5 என்றால் தாளின் விளிம்பிலிருந்து 4 செ.மீ. தள்ளி எழுத்து வரும். Inside 4, Gutter 0 என்று வைத்தாலும் அதே 4 தான். அச்சில் இம்மியளவு வித்தியாசம் இருக்காது. பிரித்து எழுதுவதால் கிடைக்கும் வசதி ஒன்றுதான். நாளை ஸ்பைரல் போடலாம் என்று மனம் மாறினால் Gutter எண்ணை மாற்றி, அதே அளவை Outside-இல் ஈடுகட்டினால் போதும், தையல் பக்கம் கண்ணுக்குத் தெரியும் ஓரமும் எழுத்தின் அகலமும் அப்படியே இருக்கும்.

தவறு நடக்கும் இடமும் இதுதான். 4 செ.மீ. என்ற விதியே பைண்டிங்கையும் சேர்த்துச் சொன்ன எண். அதை Inside என்று எழுதிவிட்டு, 'எதற்கும் இருக்கட்டும்' என்று Gutter பெட்டியிலும் 1.5 போட்டால் எழுத்து 5.5 செ.மீ. தள்ளித் தொடங்கும். 21 செ.மீ. அகலத் தாளில் எழுத்துக்கு 15 செ.மீ. இருந்தது 13.5 ஆகச் சுருங்கும். பத்தில் ஒரு பங்கு அகலம் குறைந்தால் 212 பக்கம் 230-ஐத் தாண்டும், அட்டவணைகள் மார்ஜினுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பக்க அமைப்பு வேலைக்கு வந்த புதிதில் நான் இதைச் செய்திருக்கிறேன். ஓர் ஆண்டறிக்கையை இப்படி இரட்டைக் கணக்கில் அமைத்து, பொருளடக்கத்தைப் புதுப்பிக்க மறந்து, அப்படியே அச்சுக்கு அனுப்பினேன். பார்க்கப் பழைய நாளிதழின் பத்தி போல ஒல்லியாக இருந்தது. பொருளடக்கத்தில் இருந்த எண்ணில் ஒரு அத்தியாயமும் இல்லை.

Gutter எவ்வளவு என்பதற்குப் பொதுவான எண் கிடையாது, பைண்டிங்கைப் பொறுத்தது. மேலே சொன்ன பக்கத் தையலுக்கு 15 மி.மீ. ஸ்பைரலுக்குத் துளையும் அதைச் சுற்றிய இடமுமாக 8 மி.மீ. போதும், தாள் முழுதாகத் திரும்பிப் படுத்துவிடுவதால் வளைவுக்கு எதுவும் ஒதுக்க வேண்டியதில்லை. வெறும் பசையில் ஒட்டும் கம் பைண்டிங்கில் முதுகை 2, 3 மி.மீ. சீவி எடுத்துவிட்டு ஒட்டுவார்கள். நூல் இல்லாவிட்டாலும் புத்தகம் விரியாது, ஆகவே அதற்கு 10 மி.மீ. வைக்கலாம். இவை என் எண்கள். உங்கள் ஊர்க் கடைக்காரர் எங்கே துளை போடுவார் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். 'எவ்வளவு இடம் விட வேண்டும்?' என்று கேட்காதீர்கள், 'ஒரு அங்குலம் விடுங்கள்' என்று பழக்கத்தில் சொல்லிவிடுவார். அவர் தைத்த பழைய அறிக்கை ஒன்றை வாங்கி நடுவில் விரித்து, முதுகிலிருந்து நூல் வரை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அத்துடன், திறக்கும் பக்கத்தில் எவ்வளவு வெட்டுவார் என்றும் கேளுங்கள். அட்டை போடுமுன் மூன்று பக்கமும் விளிம்பைச் சமமாக்க வெட்டுவார்கள். 3 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் அறிக்கைக்கு இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். எழுத்தின் அகலம் இப்போது 15 செ.மீ. அதைத் தொடவே கூடாது, ஏனென்றால் அகலம் மாறாதவரை வரிகள் மாறாது, வரிகள் மாறாதவரை பக்கங்கள் மாறாது. மீதமிருக்கும் 6 செ.மீ.யைத் தையல் பக்கத்துக்கும் திறக்கும் பக்கத்துக்கும் பங்கிட வேண்டும். விதிப்படி 4, 2 என்றால் தையலுக்கும் வளைவுக்கும் 1.5 போக உட்பக்கம் 25 மி.மீ. தெரியும். வெளிப்பக்கம் வெட்டு போக 17 மி.மீ. தெரியும். படிக்கலாம், ஆனால் எழுத்து வெளிப்பக்கமாகச் சாய்ந்தது போலிருக்கும், புத்தகத்தைப் பிடிக்கும் கட்டைவிரல் எழுத்தின்மேல் விழும். 3.5, 2.5 என்று பங்கிட்டால் உட்பக்கம் 20, வெளிப்பக்கம் 22 மி.மீ. தெரியும். இதுதான் கண்ணுக்கு நன்றாக இருக்கும், 15 செ.மீ. அகலமும் மாறாது. துறையில் ஸ்கேல் வைத்து அளப்பவர் இருந்தால் 4, 2 என்றே வையுங்கள். இல்லாவிட்டால் 3.5, 2.5 பாருங்கள். கீழே உள்ள எண்கள் இரண்டாவதற்கானவை.

வேர்டில் வேலையைத் தொடங்குமுன் கோப்பைப் பிரதி எடுத்துக்கொண்டு, பக்கம் 50, 100, 150 ஆகியவற்றின் முதல் வரியை ஒரு தாளில் எழுதி வையுங்கள். Layout பட்டியில் Size என்பதைத் திறந்து A4 தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள், Letter என்று இருந்தால் மேலே போட்ட கணக்கு எதுவும் பொருந்தாது. பிறகு Margins, அதன் அடியில் Custom Margins. வரும் பெட்டியில் Multiple pages என்பதில் Mirror margins தேர்ந்தெடுத்தவுடன் Left, Right என்ற பெயர்கள் Inside, Outside என்று மாறும். Inside 2 cm, Outside 2.5 cm, Gutter 1.5 cm என்று எழுதுங்கள். பெட்டி அங்குலத்தில் இருந்தாலும் cm என்று சேர்த்துத் தட்டினால் வேர்டு புரிந்துகொள்ளும். Gutter position மங்கிப்போய்த் தேர்வு செய்ய முடியாமல் இருக்கும், அது சரிதான். Mirror margins போட்டுவிட்டால் பைண்டிங் எந்தப் பக்கம் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். கடைசியாக Apply to என்பதில் Whole document.

அந்தக் கடைசிப் பெட்டியை மறப்பவர்கள்தான் அதிகம். ஆய்வறிக்கையில் முன்பக்கங்களுக்கு ரோமன் எண், அத்தியாயங்களுக்குச் சாதாரண எண் என்று பிரித்திருப்பீர்கள். அப்படியானால் கோப்பு ஏற்கெனவே பல பிரிவுகளாக இருக்கிறது. வேர்டில் Mirror margins என்ற தேர்வு கோப்பு முழுவதற்கும் பொதுவானது, ஆனால் அதற்குள் எழுதும் எண்கள் பிரிவுக்குப் பிரிவு தனி. This section என்று விட்டுவிட்டால் ஓர் அத்தியாயத்தில் உட்பக்கம் 3.5, மற்றவற்றில் 4 என்று நிற்கும். திரையில் சட்டென்று தெரியாது.

முடித்தவுடன் எழுதி வைத்த மூன்று முதல் வரிகளையும் ஒப்பிடுங்கள். அதே வரிகள் அதே பக்கங்களில் இருந்தால் அகலம் மாறவில்லை என்று அர்த்தம். நகர்ந்திருந்தால் எங்கோ கூட்டல் தவறு.

மார்ஜின் மாறினால் இரட்டைப்படைப் பக்கத்தின் எழுத்து இடப்பக்கமாக நகரும். உங்கள் விஷயத்தில் 4-லிருந்து 2.5-க்கு, அதாவது 1.5 செ.மீ. எழுத்தோடு ஒட்டிய படமும் அட்டவணையும் சேர்ந்தே நகர்ந்துவிடும். தாளின் விளிம்பிலிருந்து அளந்து நிறுத்திய படங்களும் எழுத்துப் பெட்டிகளும் நகராமல் பழைய இடத்திலேயே நின்று எழுத்தின்மேல் ஏறிக்கொள்ளும். படத்தைச் சொடுக்கி அதன் அமைவைப் பாருங்கள். Position என்பதில் Page என்று இருந்தால் Margin என்று மாற்றுங்கள். இன்னும் எளிது, In Line with Text என்று ஆக்கிவிடுவது.

பக்க எண் அடியில் நடுவில் இருந்தால் எதையும் தொடாதீர்கள். வெளி ஓரத்தில் எண் வர வேண்டும் என்று ஆசைப்பட்டால் Different Odd & Even Pages என்பதைத் தேர்வு செய்ய வேண்டியிருக்கும். செய்த மறு கணம் இரட்டைப்படைப் பக்கங்களில் எண்ணும் தலைப்பும் காணாமல் போகும். அழிந்துவிடவில்லை, இரட்டைப்படைக்கென்று புதிய வெற்று Header, Footer திறந்திருக்கின்றன. ஏதாவது ஓர் இரட்டைப்படைப் பக்கத்துக்குப் போய் எண்ணை இடது ஓரமாக மறுபடி சேர்க்க வேண்டும். சமர்ப்பிக்க ஒரு வாரம் இருந்தால் செய்யுங்கள். நாளைக்கு என்றால் நடுவிலேயே விட்டுவிடுங்கள்.

இனி அத்தியாயங்கள். புத்தகத்தில் அத்தியாயம் வலப்பக்கத்தில், அதாவது ஒற்றைப்படை எண்ணில் தொடங்குவது வழக்கம். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் முன்னால் Layout, Breaks என்று போய் Odd Page என்ற பிரிவை இடுங்கள். ஏற்கெனவே அங்கே Next Page இருந்தால் அதன்மேல் இன்னொன்றை அடுக்காதீர்கள். அடுத்த பிரிவில் கர்சரை வைத்து Page Setup பெட்டியின் Layout பகுதியில் Section start என்பதை Odd page ஆக்குங்கள். முதல் அத்தியாயம் 23-ஆம் பக்கத்தில் முடிந்து இரண்டாவது 24-இல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 24 வெற்றுப் பக்கமாகி இரண்டாவது அத்தியாயம் 25-க்குப் போகும். திரையில் அந்த வெற்றுப் பக்கம் தெரியாது, எண் 23-லிருந்து 25-க்குத் தாவும். பக்கம் தொலைந்துவிட்டது என்று பயந்து, Enter தட்டித் தட்டி ஒரு வெற்றுப் பக்கத்தை உண்டாக்கி, அதனால் அடுத்தடுத்த அத்தியாயங்களைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தொட வேண்டாம், அச்சில் அது வரும்.

முன்பக்கங்களிலும் இதே முறை. வழிகாட்டி கையெழுத்திடும் சான்றிதழ், உங்கள் உறுதிமொழி ஆகியவற்றின் பின்புறம் வெறுமையாக இருப்பதுதான் மரியாதை. முத்திரை மை பின்னால் ஊறினாலும் பரவாயில்லை. அவற்றுக்கும் Odd Page இடுங்கள். முதல் அத்தியாயம் எண் 1-இலிருந்து தொடங்கினாலும் அதற்கு முன்னால் இடும் Break Odd Page ஆகவே இருக்கட்டும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: எது ஒற்றைப்படை, எது இரட்டைப்படை என்று வேர்டு முடிவு செய்வது பக்கத்தில் அச்சாகும் எண்ணைப் பார்த்து. தாளின் எந்தப் புறம் என்பதை அது பார்ப்பதில்லை. அட்டைப் பக்கத்தைத் தனிக் கோப்பாகப் பிரித்து, மீதியை 2 என்று தொடங்கி அச்சுக்குக் கொடுத்தால், கோப்பின் முதல் பக்கம் தாளின் முன்புறத்தில் இரட்டைப்படையாக விழுந்து, அதற்குப் பின் எல்லாமே தலைகீழாகும்.

இந்த வெற்றுப் பக்கங்களையெல்லாம் சேர்த்து உங்கள் 212 பக்கம் 220 அளவுக்கு வரும். அது 110 தாள். 80 ஜிஎஸ்எம் தாளில் நூறு தாள் ஏறக்குறைய 1 செ.மீ. என்பதால் முதுகு 11 மி.மீ. இருக்கும். ஒருபக்கம் மட்டும் அச்சிட்டிருந்தால் இதைப்போல இருமடங்கு பருமன். இத்தனைக்கும் பிறகு, கடைசி வேலையாக, பொருளடக்கத்தின்மேல் வலச் சொடுக்கில் Update Field, அதில் Update entire table. படங்களின் பட்டியலுக்கும் அட்டவணைகளின் பட்டியலுக்கும் தனித்தனியாக அதே வேலை. பொருளடக்கத்தைக் கையால் புள்ளி வைத்துத் தட்டியிருந்தால் 24-க்குப் பிறகு எல்லா எண்ணையும் உட்கார்ந்து திருத்துவதைத் தவிர வழியில்லை.

லிபர்ஆபீஸில் செய்பவர்களுக்கு: Format, Page Style, அதில் Page layout என்பதை Mirrored ஆக்கினால் அதே பலன். ஆனால் பிடிஎஃப் எடுக்கும் பெட்டியில் Export automatically inserted blank pages என்ற தேர்வைக் கையால் போட வேண்டும். போடாவிட்டால் வெற்றுப் பக்கங்கள் பிடிஎஃபில் வராது, முதல் வெற்றுப் பக்கம் இருந்திருக்க வேண்டிய இடத்திலிருந்து முன்புறமும் பின்புறமும் இடம் மாறிவிடும்.

இன்னொரு கண்ணி, படுக்கை வசப் பக்கங்கள். பெரிய அட்டவணைக்காகத் தாளைக் கிடையாகத் திருப்பியிருப்பீர்கள். புத்தகத்தில் அதைக் கட்டும்போது தையல் அந்த அட்டவணையின் தலைமாட்டில் வரும், அல்லது கால்மாட்டில் வரும். எல்லா அட்டவணையும் ஒரே திசையில் திரும்பியிருந்தால் வலப்பக்கத்தில் தலைமாட்டில், இடப்பக்கத்தில் கால்மாட்டில் என்று மாறி மாறி விழும். ஆனால் Mirror margins மாற்றிப்போடுவது இடதையும் வலதையும்தான், மேலையும் கீழையும் அல்ல. இதை நுணுக்கமாகத் தீர்க்கப் போனால் நாள் போய்விடும். நான் செய்வது எளிய வழி: கிடைப் பக்கங்கள் உள்ள பிரிவில் மட்டும் Gutter 0, Top 3.5, Bottom 3.5. தாளின் உயரம் அங்கே 21 செ.மீ., ஆகவே அட்டவணைக்கு 14 செ.மீ. உயரம் கிடைக்கும். எந்தப் பக்கம் விழுந்தாலும் நூல் தொடாது. Whole document என்று போட்டது இந்தப் பிரிவுகளின் எண்களையும் மாற்றியிருக்கும் என்பதால், இதை அதற்குப் பிறகு, ஆனால் பொருளடக்கத்தைப் புதுப்பிக்குமுன் செய்யுங்கள்.

கடைக்கு வேர்டு கோப்பைக் கொண்டு போகாதீர்கள். உங்கள் தமிழ் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்காரும், வரிகள் நீளும், இவ்வளவு நேரம் செய்த ஒற்றை இரட்டைக் கணக்கு போய்விடும். பிடிஎஃப் எடுத்து, அடோபி ரீடரில் Two Page View, அதனுடன் Show Cover Page in Two Page View தேர்ந்தெடுத்துப் பாருங்கள். முதல் பக்கம் வலப்புறம் தனியாகவும், அதன் பிறகு ஜோடி ஜோடியாகவும் வரும். ஒவ்வொரு ஜோடியிலும் அகன்ற ஓரங்கள் இரண்டும் நடுவில் சந்திக்க வேண்டும். எங்காவது அகன்ற ஓரங்கள் இரு கோடிகளுக்குப் போயிருந்தால் அதற்குச் சற்று முன்னால் ஒரு வெற்றுப் பக்கம் குறைகிறது.

அச்சிடும்போது கவனிக்க வேண்டியவை இரண்டுதான். இருபக்க அச்சு Flip on long edge ஆக இருக்க வேண்டும், அளவு Actual size ஆக இருக்க வேண்டும். கடைகளில் வழக்கமாக Fit போட்டு வைத்திருப்பார்கள். அது பக்கத்தைச் சில சதவீதம் சுருக்கி மார்ஜினை மாற்றிவிடும், நீங்கள் மி.மீ. கணக்குப் பார்த்ததற்கு அர்த்தமில்லாமல் போகும். முதலில் நான்கு பக்கம் மட்டும், 41 முதல் 44 வரை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். மார்ஜின் சரியாக இருந்தால் முன்புறத்து எழுத்துக் கட்டமும் பின்புறத்து எழுத்துக் கட்டமும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். ஒன்றிரண்டு மி.மீ. விலகினால் அது இயந்திரத்தின் இயல்பு. ஒரு விரல் அகலம் விலகினால் Mirror margins வேலை செய்யவில்லை. உங்களிடம் இருக்கும் பழைய பிரதியின் தாளை இப்படிப் பிடித்துப் பாருங்கள், இரண்டு கட்டமும் 2 செ.மீ. விலகி நிற்பது தெரியும்.

நேரமிருந்தால் இன்னொரு சோதனை. வெற்றுத் தாள் 110 எண்ணி அடுக்கி, நடுவில் அந்தச் சோதனைத் தாளைச் செருகி, முதுகிலிருந்து 1 செ.மீ. வரை பெரிய கிளிப்புகளால் இறுக்கிப் பிடித்து விரித்துப் பாருங்கள். தைத்து வந்த பிறகு எப்படி இருக்கும் என்பது ஏறக்குறைய இதுதான். எழுத்து வளைவுக்குள் போகிறது என்றால் Gutter இன்னும் 2, 3 மி.மீ. கூட்டி, Outside-இல் அதே அளவைக் குறையுங்கள். அகலம் 15 செ.மீ.யாகவே இருக்கட்டும்.

தைத்து முடித்த பிரதிக்குச் செய்ய ஒன்றுமில்லை. பிரித்தால் துளையோடு வரும், மறுபடி தைக்க இன்னும் உள்ளே போக வேண்டும். தைக்காத மற்ற இரண்டையும் தூக்கிப் போடாதீர்கள். இரட்டைப்படைப் பக்கங்களில் தையல் பக்கம் 20 மி.மீ. இருக்கிறதல்லவா, ஸ்பைரலுக்கு 8 போனாலும் 12 மி.மீ. வெறுமை மிஞ்சும், தாளும் முழுதாகத் திரும்பும். வெட்டு வேண்டாம் என்று சொல்லி ஸ்பைரல் போட்டு வாங்குங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று வாய்மொழித் தேர்வில் புரட்டிப் பார்க்க.